செகராசசேகரனும் ஜகராஜசேகரனும்: வடவெழுத்துப் பெயர்கள் தமிழிற் புகுந்த வரலாறு

யாழ்ப்பாண அரசர் வரலாறு கூறும் நூல்கள் சிலவற்றை ஒருங்கே வைத்துப் பயில்வார்க்கு ஒரு மயக்கம் நேர்வது இயல்பு. ஒரு நூல் அரசனைச் செகராசசேகரன் என்னும். மற்றொன்று ஜகராஜசேகரன் என்னும். பிறிதொன்று ஜெகராஜசேகரன் என்னும். பெயரகராதியிற் செகர வரிசையிலே தேடியவன் ஜகர வரிசையிலுள்ள பக்க எண்களைக் காணாது போகின்றான். ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் இரு சிங்காசனப் பெயர்களை மாறி மாறிப் புனைந்தவர்களாதலின், ஒரே பெயரைப் பலர் தரித்தமையால் வரும் சிக்கல் முன்னரே உண்டு. அதன்மேல் ஒரே பெயர் மூன்று வடிவில் வருஞ் சிக்கலுஞ் சேர்ந்தால், ஒருவர் இருவராகவும் இருவர் ஒருவராகவும் எண்ணப்படுதல் எளிதாகின்றது. இம்மூன்று வடிவங்களுள் எது சரி என்று வினவுவதன் முன், மூன்றும் எவ்வெவ் வழியால் வந்தன என்று அறிதல் வேண்டும்.

வடமொழிப் பெயர்களை எழுதுதற்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கல்லின் வழி. மற்றது ஏட்டின் வழி. பல்லவர் காலந் தொட்டுத் தென்னாட்டிலே வடமொழியை எழுதுதற்கு வழங்கிய எழுத்துக் கிரந்தம் எனப்பட்டது. சாசனம் வெட்டுவோர் தமிழ்ச்சொல்லைத் தமிழெழுத்திலும், வடசொல்லைக் கிரந்தவெழுத்திலும் ஒரே வரியிற் கலந்து பொறித்தனர். கி. பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசனுடைய தஞ்சைப் பெருங்கோயிற் சாசனங்களில் அவன் பெயர் கிரந்த ஜகரத்தோடேயே காணப்படும். ஆயினும் அக்காலத்துச் சோழ சாசனங்களிலேயே ‘வர்மன்’ என்னும் வடசொல் ‘வன்மர்’ என்றும் ‘பன்மர்’ என்றும் தமிழ்ப்பட்டு வருதலையும் காணலாம். ஒரே பட்டப்பெயரின் முற்பாதி கிரந்தத்திலும் பிற்பாதி தமிழிலுமாக நின்றதை அக்காலத்தார் குறையாகக் கருதினாரல்லர். ஈழத்திலும் இவ்வழக்கு உண்டு. பொலனறுவையிலுள்ள வேளைக்காரர் சாசனம் வடமொழிச் சுலோகத்தோடு தொடங்கித் தமிழ் உரைநடையாய்ச் செல்வது. அதன்கண் அரசர் பெயர்கள் கிரந்தங் கலந்தே வருகின்றன.

ஏட்டின் வழியோ வேறு. செய்யுள் செய்த புலவர் கிரந்தவெழுத்தை அணுகாது, பெயரின் ஒலியைத் தமிழொலிக்கு இயைய மாற்றிக்கொண்டனர். கம்பர் பாடியவன் இலக்குவன், லக்ஷ்மணன் அல்லன். அவ்வாறே ஜனகன் மகள் சானகியாயினாள், விபீஷணன் வீடணனாயினான். நம் நாட்டிலே இன்று கிடைக்குந் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது, தம்பதெனியாவில் பராக்கிரமபாகுவின் அவையில் 1310 ஆம் ஆண்டு அரங்கேறிய சரசோதிமாலை. அதனை இயற்றியவர் பெயர் போசராச பண்டிதர். போஜராஜன் என்னும் பெயரில் இருமுறை வரும் ஜகரம் இரண்டும் சகரமாயின. நூற்பெயரிலுள்ள சோதியும் ஜோதியே. சிங்கள மன்னன் அவையில் இருந்து பாடிய புலவரும் ஏட்டின் வழியையே கைக்கொண்டார் என்பது கருதத்தக்கது.

இவ்வேட்டு வழக்கு மனம்போனவாறு எழுந்ததன்று. வடவெழுத்தை விலக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய வடசொற்களே செய்யுட்கு உரியன என்றும், அவை சிதைந்து வரினும் பொருந்துவனவாயிற் கொள்ளப்படும் என்றும் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தார். எவ்வெழுத்து எவ்வாறு சிதையும் என்று அவர் விரித்திலர். அதனை விரித்தோர் பின்வந்தோர். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்திலே புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியமும், அதன்பின் பவணந்தியார் இயற்றிய நன்னூலும் இதற்கு விதி கூறுகின்றன. வீரசோழியத்தை 1881 இல் முதன்முதலாக அச்சேற்றியவர் நம்மூர்ச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். புத்தமித்திரனார் தம் பெயரையே ‘மித்ர’ என விடாது ‘மித்திரன்’ எனத் தமிழாக்கிக்கொண்டமை அவர் விதிக்கு அவரே காட்டிய உதாரணம் எனலாம்.

இனி ஜகரத்தை எடுத்துக்கொள்வோம். வடமொழிச் சகர வருக்கத்தில் ஜகரம் மூன்றாவது. வருக்கத்தின் இடையெழுத்துக்கள் மூன்றும் அவ்வவ் வருக்கத்து முதலெழுத்தாகத் திரியும் என்பது நன்னூலார் விதியாதலின் ஜகரம் சகரமாகும். அன்றியும் அது யகரமாதலும் உண்டு என்றார். பங்கஜம் பங்கயமானதும், பிரமனைக் குறிக்கும் அஜன் என்னும் பெயர் அயன் ஆனதும் இப்பிற்கூறிய வழியால். யகரமாகத் திரிவது சொல்லின் நடுவிலும் ஈற்றிலுமேயன்றி முதலிலன்று. ராஜா என்பது இராசன், இராயன் என இரு வழியிலும் வந்தது. அரசன் என்பது அவற்றினும் பழைய திரிபு. காளிதாசனது காவியத்தைத் தழுவி இரகுவமிசம் பாடிய நம் நல்லூர்ப் புலவர் அரசகேசரி எனப் பெயர் பூண்டார். சோழர் பட்டப்பெயராகிய இராசகேசரியை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க.

சொன்முதல் ஜகரத்தில் ஒரு நுட்பம் உளது. ஜயம் என்பது சயம் என்றாவதோடு செயம் என்றும் ஆகின்றது, ஜபம் செபமாகின்றது, ஜகம் செகமாகின்றது. அதாவது மெய் மாறுவதோடு அதன் மேலேறிய அகரமும் எகரமாகின்றது. நாவின் நடுவை அண்ணத்தோடு பொருத்திப் பிறப்பிக்கும் மெய்யின் அயலிலே அகரம் எகரச் சாயல் பெறுவது இயல்பான ஒலிமாற்றம். கலிங்கத்துப்பரணி பாடிய புலவரைச் சயங்கொண்டார் என்றும் செயங்கொண்டார் என்றும் எழுதுதல் இதனாலேயே. ஆகவே நம் அரசன் பெயரைப் பிரித்துக் காண்போமாயின், ஜகம் செகமாயிற்று. ராஜ என்பது ராச ஆயிற்று. சேகரம் என்பதன் முதலெழுத்து வடமொழியிலும் ஜகரமன்று, தாலவிய சகரம். அதற்குத் தமிழ்ச் சகரமே இயல்பாய்ப் பொருந்தும். செகராசசேகரன் என்னும் பெயர் முழுவதும் ஏட்டின் வழியில் விதிப்படி அமைந்தது. அவ்வரசர் பெயரால் விளங்கும் மருத்துவநூல் செகராசசேகரம், சோதிடநூல் செகராசசேகரமாலை. ஜகராஜசேகரன் என்பது கல்லின் வழிப்பட்ட வடிவம். அதுவும் தன்னளவிற் குற்றமற்றது. மூன்றாவதாகிய ஜெகராஜசேகரன் என்பதே ஆராயத்தக்கது. அதிலுள்ள எகரம் தமிழ்த் திரிபு, ஜகரம் வடவெழுத்து. தமிழன் வாயில் மாறிய உயிரை வைத்துக்கொண்டு, மாறிய மெய்யை மட்டும் மீட்டும் பழைய உருவுக்குத் திருப்பியதனால் விளைந்த கலப்பு இது. இன்று ஜெயம், ஜெபம், ஜெகன் என வழங்குவன யாவும் இவ்வகையின. பேச்சிலும் எழுத்திலும் வேரூன்றிவிட்டமையின் அவற்றைப் பிழையென்று விலக்குதல் இனி ஆகாது. ஆனால் வடமொழி மூலத்தை அப்படியே காட்டுகின்றோம் என்னும் எண்ணத்தோடு ஜெய என்று எழுதுவோர் தாம் காட்டுவது மூலமன்று என்பதை உணர்தல் வேண்டும்.

சகரத்தால் ஜகர ஒலி கெட்டுவிடுமே என்று இரங்குவோர் ஓரிடத்தை மறந்துவிடுகின்றனர். ஞகர வொற்றின் பின் வரும் தமிழ்ச் சகரம் தானாகவே ஜகர ஒலி பெறும். அஞ்சலி, மஞ்சரி, சஞ்சயன் என்னும் பெயர்களைத் தமிழர் எவரும் வடமொழியாளர் கேட்டு நகைக்குமாறு ஒலிப்பதில்லை. ஆதலின் அஞ்ஜலி என எழுதுவதாற் பெறும் பயன் யாதுமில்லை. அவ்வாறன்றி இரண்டு உயிர்களின் நடுவே நிற்கும்போதுதான் சகரம் மெலிந்து ஒலித்து ஜகரத்தினின்றும் விலகுகின்றது. இராசா என்பதை நம்மவர் ஒலிக்கும் முறை இதற்குச் சான்று. அர்ஜுனனை அருச்சுனன் என்று இரட்டித்து எழுதிய முன்னோர், ரகரத்தின் பின் சகரம் அவ்வாறு மெலிந்து போகாமற் காத்தனர் போலும்.

ஷகரத்தில் நேரும் பிழை ஜகரத்தில் நேர்வதிலும் பெரிது. அதற்குக் காரணம் இரண்டு வேறு எழுத்துக்கள் ஒன்றாக மயங்குதலாம். வடமொழியில் நாநடுவாற் பிறக்கும் சகரம் ஒன்று. நாநுனியை மேலே வளைத்துப் பிறப்பிக்கும் ஷகரம் மற்றொன்று. சிவன், சங்கரன், சாந்தி, ஈசன் என்பவற்றில் உள்ளது முன்னையது. விஷம், வேஷம், புருஷன், ரிஷி என்பவற்றில் உள்ளது பின்னையது. பழைய கிரந்தத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. ஆனால் தமிழ் அச்சகங்களில் நிலைபெற்ற கிரந்தவெழுத்துக்கள் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்பன மாத்திரமே. தாலவிய சகரத்துக்கு உரிய ஶ என்னும் எழுத்து வழக்கில் இல்லாதொழிந்தது. கணிப்பொறிகளுக்கான யூனிகோடு தமிழ் வரிசையிலும் 2005 ஆம் ஆண்டிலேதான் அது சேர்க்கப்பட்டது. இக்குறையால் முன்னோர்க்கு இடர் உண்டாகவில்லை. நன்னூலார் தாலவிய சகரம் தமிழிற் சகரமாகவும் யகரமாகவும் வரும் என்றார். தேசம், தேயம் என்பது போல. ஷகரம் சகரமாகவும் டகரமாகவும் வரும் என்றார். ஷண்முகன் சண்முகனாவது போலவும், விஷம் விடமாவது போலவும்.

இப்போது நேர்வது யாதெனின், பெயர்கள் வடமொழியிலிருந்து நேரே வாராது ஆங்கில எழுத்தின் வழியாக வருகின்றன. ஆங்கிலத்தில் இவ்விரண்டு ஒலிகளையும் ஒரே இரட்டையெழுத்தாற் குறிப்பர். அதனைக் காண்போர் அது ஷகரமே என்று துணிந்து ஷங்கர், ஷாந்தி, ஷர்மா, ஷியாமளா, கணேஷ், ரமேஷ் என எழுதுகின்றனர். இவை தமிழ்வழிப்படியும் பிழை, வடமொழிப்படியும் பிழை. வடமொழியைப் பேணுகின்றோம் என்று கூறிக்கொண்டு வடமொழியில் இல்லாத எழுத்தைப் புகுத்துதல் இரங்கத்தக்கதே. ராஜேஷ் என்னும் பெயரில் ஜகரம் மூலத்திற்கு ஏற்றது; ஷகரம் ஏலாதது. விஷாலாட்சி என்று எழுதுவோரும் உளர். விசால என்பதில் ஷகரம் எங்ஙனம் வரும்?

வடமொழி பயிலாதவர் இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி என்று வினவலாம். வழிகள் உண்டு. அச்சொல்லின் பழந்தமிழ் வடிவத்தை நினைவுகூர்க. டகரம் தோன்றுமாயின் மூலம் ஷகரம்: வேடம், இருடி, இடபம், வீடணன். சகரமோ யகரமோ தோன்றுமாயின் பெரும்பாலும் தாலவிய சகரம்: ஆகாசம், ஆகாயம் என்பதைக் காண்க. இன்னும், வடசொல்லின் முதலில் ஷகரம் வருவது மிக அருமை. ஆறு என்னும் எண்ணோடு தொடர்புடைய ஷண்முகன் போன்ற சொற்களிலேயே பெரும்பாலும் வரும். ஆகவே ஒரு வடமொழிப் பெயர் ஷகரத்தோடு தொடங்கி, அதற்கும் ஆறென்னும் எண்ணுக்கும் இயைபில்லையாயின் ஐயுற வேண்டும். நம் நாட்டார்க்கு மற்றுமொரு துணை உண்டு. சிங்கள நெடுங்கணக்கில் இவ்விரண்டும் வேறுவேறு எழுத்தாக இன்றும் உள்ளன. சிங்களத்தில் அப்பெயரை எழுதிக் காட்டச் செய்து எளிதில் தெளியலாம். ஷாஜகான், ஷேக்ஸ்பியர் போன்ற பாரசீக, ஆங்கிலப் பெயர்களுக்கு இவ்வாராய்ச்சி வேண்டுவதில்லை. அவற்றில் ஷகரம் ஒலிக்குறியாக மட்டுமே நிற்கின்றது.

இடையே ஒன்று கூறுதல் தகும். ஈசுவரன் என்னும் பெயரை இன்று ஈஸ்வரன் என எழுதுகின்றோம். அதில் உள்ளதும் தாலவிய சகரமே, ஸகரமன்று. உரிய எழுத்து அச்சில் இல்லாத இடத்தை ஸகரம் நிரப்பியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டத் தலத்தின் பெயர் தேவாரத்திற் கேதீச்சரம். இக்காலப் பலகைகளிலோ திருக்கேதீஸ்வரம் என்றும் காண்கின்றோம். இரண்டில் மூலவொலிக்கு அணித்தாயுள்ளது பழைய தமிழ் வடிவமே என்பது பலர்க்கு வியப்பாகத் தோன்றும்.

க்ஷகரம் தனியெழுத்தன்று, ககரவொற்றும் ஷகரமுஞ் சேர்ந்த கூட்டெழுத்து. கணிப்பொறியிலும் அவ்விரண்டையும் அடுத்தடுத்து இட்டே அதனைப் பெறுகின்றோம். வடமொழிக் கணக்கிற் கடைசியில் வைத்தெண்ணப்பட்ட இதனை நன்னூலார் இரட்டைக் ககரமாகத் திரியும் என்றார். பக்ஷம் பக்கமானது, லக்ஷ்மி இலக்குமியானாள், ருத்ராக்ஷம் உருத்திராக்கமானது. இத்திரிபு தமிழர் புதிதாகப் படைத்ததன்று. பிராகிருதத்திலும் பாளியிலும் க்ஷகரம் ககர இரட்டையாகவே வழங்கியது. மகாவம்சத்திற் கூறப்படும் யக்ஷர் பாளியில் யக்கர், தமிழில் இயக்கர். ராக்ஷசர் அரக்கரானதும் அவ்வழியே. இவ்வாறு வந்த சொற்கள் தமிழில் மிகப் பழமையானவை. அவற்றை வடசொல் என்று பலர் உணர்வதுமில்லை.

பிற்காலத்தே வடமொழி வல்லார் பழக்கத்தால் வேறொரு திரிபு எழுந்தது. அவர் ஒலித்த க்ஷகரத்திலுள்ள ஷகரத்தின் வளைநா ஒலியைச் செவிப்பட்டவாறே பற்றி ட்ச என எழுதலாயினர். இலட்சுமி, மீனாட்சி, காமாட்சி, பட்சி, இராட்சதர் என்பன அவ்வகை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்ததாகக் கருதப்படும் திருக்கோணமலைத் தலபுராணத்தைத் தட்சிண கைலாச புராணம் என வழங்குகின்றோம். அதே தக்ஷிணம் என்னும் சொல் பழைய வழியிற் போய்த் தக்கணம் என நிற்கின்றது. ஒரு மூலத்தினின்று இருமுறை கடன்கொண்டமையால் அரக்கர், இராட்சதர் என இரட்டைச் சொற்கள் தமிழில் உளவாயின. சிலவிடத்துப் பொருளும் பிரிந்தது: பக்கம் என்பது புறத்தையும் பட்சம் என்பது அன்பையுங் குறிக்க வழங்குகின்றன. சொன்முதலில் வரும் க்ஷகரத்தை இரட்டிக்க இயலாமையின், அது தனிக் ககரமாகவோ சகரமாகவோ நிற்கும். க்ஷணம் கணமானதும், க்ஷேமம் சேமமானதும் காண்க.

விசாலாட்சி என்னும் பெயரை எடுத்து மூன்று வழியிலும் எழுதிப் பார்ப்போம். விசால, அக்ஷி என்னும் இரு சொற்களின் புணர்ச்சி அது. அகன்ற கண்ணையுடையாள் என்பது பொருள். முழுவதும் கிரந்தவழியில் எழுதுவதாயின் விஶாலாக்ஷி என வரும். ஶகரம் வழக்கில் இல்லாமையாற் பலர் விசாலாக்ஷி என எழுதுவர். அதுவும் தக்கதே, சகரம் அவ்வொலிக்கு மாறானதன்று ஆதலின். விசாலாட்சி என்பது பிற்காலத் தமிழ் வடிவம். விசாலாக்கி என்பது நன்னூல் விதிப்படி அமைவது. ஆயின் பேச்சில் எவரும் அறியார். இந்நான்கும் ஏதோவொரு முறைக்கு உட்பட்டவை. விஷாலாட்சி, விஸாலாக்ஷி என்பன எம்முறைக்கும் உட்படாதவை.

ஆயினும் வாழும் மனிதர் பெயர் இலக்கணத்துக்கு மட்டும் உரியதன்று. பிறப்புச் சான்றிதழில் ஜெயலட்சுமி என்றும், பாடசாலைப் பதிவில் செயலக்குமி என்றும், காணி உறுதியில் ஜயலக்ஷ்மி என்றும் பதியப்பட்ட ஒருவர், மூவரும் தாமே என்று சத்தியக் கடதாசி முடிக்க நேர்வது நாமறிந்ததே. இலக்கணம் பயின்ற பதிவாளரோ ஆசிரியரோ தம் கருத்துக்கியையப் பிறர் பெயரைத் திருத்துவதால் விளையும் துன்பம் இது. முதலிற் பதிந்த வடிவம் எதுவோ அதனையே எங்கும் எழுதுதல் வேண்டும். இலக்கண ஆராய்ச்சிக்கு இடம் பெயரிடும் நாளேயன்றிப் பின்னரன்று. தம் பெயரைத் தாமே மாற்றிக்கொள்வார் செயல் வேறு. வேதாசலம் என்னும் பெயரை 1916 அளவில் மறைமலை என ஆக்கிக்கொண்ட அடிகளார் எழுத்தை மாற்றினாரல்லர், பொருளையே மொழிபெயர்த்தார்.

வரலாறு எழுதுவோர்க்கு முறை சிறிது வேறாகும். சாசன வாசகத்தைப் பெயர்த்தெழுதுமிடத்துக் கல்லில் உள்ளவாறே கிரந்தவெழுத்தைப் பேணல் வேண்டும். வன்மர் என்றிருப்பதை வர்மர் என்று திருத்துதலும் ஆகாது, ஏனெனில் வெட்டியவன் எவ்வாறு ஒலித்தான் என்பதற்கு அதுவே சான்று. தம் சொந்த வசனத்தில் ஏதேனும் ஒரு வழியைத் தெரிந்து நூல்முழுதும் அதனையே கொள்க. பெயரகராதியில் மற்றை வடிவத்தையும் இட்டு, இன்ன வடிவத்திற் காண்க என்று குறித்தல் நன்று.

சிங்களப் பெயர்கள் இவ்வாராய்ச்சியிற் கடைசியாக நிற்பன. அவை வடமொழிச் சொற்களாற் பெரும்பாலும் அமைந்திருப்பினும், தமிழுக்குள் வந்து திரிந்து பழகியவை அல்ல. இன்றைய மனிதர் இன்றைய ஒலியோடு தரிப்பவை. அவற்றை ஏட்டின் வழியில் தமிழாக்குவோமாயின், உரியவரே தம் பெயரென்று அறியார். ராஜபக்ஷ என்பதை இராசபக்கன் என்று எழுதுவார் எவருமிலர். அங்கே ஜகரமும் க்ஷகரமும் இருத்தலே பொருந்தும். அவ்வாறே ஜயவர்த்தன என்பதில் சிங்களவர் ஒலிப்பது அகரமேயாதலின் ஜயவர்த்தன என்றே எழுதுதல் முறை. ஜெயவர்த்தன என எழுதும்போது நம் பழைய செயங்கொண்டார் காலத்து எகரத்தை, அதற்கு உரிமையில்லாத ஒரு பெயரின்மேல் ஏற்றிவிடுகின்றோம்.